ஜமால் முகமதுவின் கட்டைவிரல் நகம்

ராஜபாளையத்தில் ஜமால் முகமதுவின் கடைக்குப் போகிறவர்கள், மெஷினைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் பயப்படுவார்கள். அவர் விற்பது ட்ரில்லிங் மெஷின், கிரைண்டர், ட்ரில் பிட் போன்ற சாமான்கள். ஆனால் வேறு கடையில் வாங்கியதையும் அவரிடம் கொண்டுவந்து, "அண்ணே, இது அசலா, டூப்பா?" என்று கேட்பார்கள். மில் ஃபிட்டர்களும் வருவார்கள், மம்சாபுரத்துத் தச்சர்களும் வருவார்கள். கேட்டபிறகு அவர் சொல்வதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம்.

மெஷினின் பிளாஸ்டிக் உடம்பு இரண்டு பாதிகளாக வார்த்துச் சேர்க்கப்பட்டது. அந்தச் சேர்மானத்தில் அவர் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுப்பார். அசலில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். போலியில் ஒரு பாதி மேலேறி நிற்கும், அல்லது வார்ப்பில் பிதுங்கிய பிளாஸ்டிக் பிசிறு நகத்தில் மாட்டும். துளை போடும் பிட் என்றால் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் தண்டைத் துடைப்பார். ஒருமுறை தச்சர் வீரணன் மதுரையில் நடைபாதையில் வாங்கிய பிட்டைக் கொடுத்தார். எட்டு எம்.எம். என்று போட்டிருந்தது. துடைத்ததும் எட்டு துணிக்கு வந்துவிட்டது. வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எட்டுக்குக் குறைவு.

"அப்ப இது என்ன சைசுண்ணே?" என்றார் வீரணன்.

"எழுத்துதான் போயிருச்சே. இனிமே நீரு வைக்கிறதுதான் பேரு."

கடையில் இதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. காரணம், மகள் அசீனாவின் கல்யாணம். செட்டியார்பட்டியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா புது கிரைண்டரை ஆசையாகக் காட்டினார். ஜமால் முகமது அதன் சேர்மானத்தில் நகத்தை இழுத்துவிட்டு, "யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

இரண்டாவது சம்பந்தம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. அது 1993ஆம் வருஷம். மாப்பிள்ளையின் அப்பா அபுபக்கரும் இதே மெஷின் வியாபாரிதான். பையனை அசீனாவுக்குப் பிடித்துவிட்டது. அவளே அப்பாவிடம் வந்து, "அத்தா, இந்த எடம் எனக்குச் சரி. நீங்க கைய மட்டும் சும்மா வச்சிக்கிட்டு வாங்க" என்று சொன்னாள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துப் பேசி முடிக்கப் புறப்பட்ட அன்று, பஸ்ஸில் மனைவி ரஹ்மத் பீவியும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவிய எதக் காட்டுனாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும். என்ன சொல்லணும்?"

"நல்லா இருக்கு."

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

"பழகிப் பாக்கேன்."

அபுபக்கரின் கடைக்குப் பின்னாலேயே வீடு. விருந்துக்கு முன்னால் டீ வந்தது. டீயை வைத்த கையோடு அபுபக்கர் கடைக்குள் போய் ஒரு ட்ரில்லிங் மெஷினை எடுத்து வந்து ஜமால் முகமதுவின் மடியில் வைத்தார். கூடவே ஒரு பிட்.

"மச்சான், தொழில்காரர் நீங்க. எப்படி இருக்கு சொல்லுங்க."

ஜமால் முகமதுவுக்கு வியர்த்தது. நகம் வைக்காமலே தெரிந்தது. சேர்மானத்தில் பிசிறு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஸ்குரூக்களில் ஒன்று பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது, ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. கம்பெனிப் பேர் போட்ட லேபிள் காகித ஸ்டிக்கர். அதன் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. பிட்டில் இருந்த எழுத்து அவருடைய வியர்வைக்கே மங்கியது.

ரஹ்மத் பீவி இருமினார்.

"நல்லா இருக்கு" என்றார் ஜமால் முகமது.

"சேர்மானம்?"

"நல்லா இருக்கு."

"லேபிள்?"

"அதுவும்... ரொம்ப நல்லா இருக்கு."

அபுபக்கரின் முகம் வாடிவிட்டது. அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே மனைவி நூர்னிசாவிடம் தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துப் பேசினார். கடையில் கத்திப் பழகிய தொண்டை. ஹாலுக்கே கேட்டது.

"பெரிய கெட்டிக்காரருன்னாங்க. வேணுமுன்னே ஒரு டூப்பத்தான் கையில குடுத்தேன். நல்லா இருக்குங்காரு! தெரியாமச் சொன்னாருன்னா கண்ணு இல்ல. தெரிஞ்சு சொன்னாருன்னா மனசு சுத்தமில்ல. எப்படிப் பாத்தாலும் இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

ஹாலில் ரஹ்மத் பீவி கணவரின் தொடையைக் கிள்ளினார்.

"சொல்லித் தொலைங்க!"

"என்னத்த?"

"அம்புட்டையும்!"

அவ்வளவுதான். அபுபக்கர் திரும்பி வந்து உட்காருவதற்குள் ஜமால் முகமது ஆரம்பித்துவிட்டார். பிசிறு, ஸ்குரூ, ஸ்டிக்கர், மங்கிய எழுத்து என்று மூச்சு விடாமல் சொன்னார். "இதத் தச்சன் கையில குடுத்தா மொத வாரமே புகை வரும் மச்சான்!" என்று முடித்தார்.

அபுபக்கருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதத்தானே நான் எதிர்பாத்தேன்! பொறவு ஏன் முதல்ல அப்படிச் சொன்னீங்க?"

"வீட்டுல உத்தரவு."

அபுபக்கர் சிரித்துக்கொண்டே கடைக்குள் போய் இன்னொரு மெஷினைக் கொண்டுவந்தார். "இதப் பாருங்க, அசல். நான் விக்கிறது இதுதான். கடை நெறைய இதான் வச்சிருக்கேன்."

மரியாதைக்குக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்தால் அப்போதே விருந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டாயிற்று. நகம் சேர்மானத்தில் ஓடியது. வழுக்கிக்கொண்டு போனது. சுவிட்சுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் நின்றது. லேபிள் அலுமினியத் தகடு. அதன்மேல் விரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"மச்சான்... இதுவும் டூப்புதான்."

ரஹ்மத் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன சொல்லுதீங்க?" அபுபக்கரின் குரல் உயர்ந்தது. "நான் எம்புட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தெரியுமா?"

"இந்தக் கம்பெனிக்காரன் தகட்ட மொத்தமா அச்சடிப்பான். மெஷின் நம்பர மட்டும் பொறவு ஒவ்வொண்ணா அடிச்சு எறக்குவான். அதனால நம்பர் விரலுக்குக் குழியாத் தட்டும், வரிசையும் லேசாக் கோணலா இருக்கும். இதுல நம்பரும் மத்த எழுத்தோட சேந்து அச்சாயிருக்கு. வழவழன்னு இருக்கு. அப்படின்னா எல்லா மெஷினுக்கும் ஒரே நம்பராத்தான் இருக்கும். இன்னொரு பெட்டியப் பிரிங்க."

"பிரிக்கேன். வேற நம்பரா இருந்துச்சுன்னா?"

"நான் இப்படியே பஸ் ஏறிருதேன்."

அபுபக்கர் ஒரு பெட்டியைப் பிரித்தார். பிறகு இன்னொன்றைப் பிரித்தார். மூன்றாவதையும் பிரித்தார். எல்லாத் தகட்டிலும் ஒரே நம்பர். அவர் பெட்டிகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த நூர்னிசாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

"கட்டுன நாள்லருந்து பாக்கேன். இவருகிட்ட யாராச்சும் ஒரு தப்பச் சொன்னா, நாளு பூராவும் மல்லுக்கு நிப்பாரு. இன்னைக்குத்தான் வாயடைச்சு உக்காந்திருக்காரு. இந்தச் சம்பந்தி எனக்கு வேணும்."

அபுபக்கர் தலையை நிமிர்த்தினார். "மச்சான், நான் தெரிஞ்சு விக்கல."

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு வித்தவரு என் முன்னால பெட்டியப் பிரிப்பாரா?"

"பிட்டெல்லாம் உள்ள நாலு தட்டு இருக்கு. அதையும் ஒரு பார்வை..."

ஜமால் முகமது சட்டைக்கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ரஹ்மத் பீவி குறுக்கே வந்து நின்றார்.

"முதல்ல தேதியச் சொல்லுங்க. பொறவு பிட்டையெல்லாம் துடைங்க."

தேதி சொல்லப்பட்டது. சோறு ஆறிப்போனபிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில், புதுச் சம்பந்திகள் இருவரும் போலி மெஷின் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, அபுபக்கருக்கு அவற்றை விற்றவனிடம் சண்டை போட மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோர சீட்டை அபுபக்கர் ஜமால் முகமதுவுக்குக் கொடுத்தார்.

"அங்க போனதும் பேச்சு முழுக்க உங்களுதுதான் மச்சான். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிராதீங்க."