கொம்பையா சுரண்டிய பேரிங்

சௌந்தரபாண்டியனைப் போல ஒரு இன்ஜினீயர் எங்கள் மில்லுக்கு வாய்த்ததை நான் பெருமையாகத்தான் சொல்வேன். புதூர் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அவருடைய நைட் ஷிப்டில் நான் எலெக்ட்ரீஷியன்.

எண்பத்து மூன்றில் மழையும் இல்லை, கரண்டும் இல்லை. டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் நூல் ஓடியது. அதன் பேரிங்கைப் பங்குனியில், சுழலும் தண்டு சரியாகப் படியும்படி கையால் சுரண்டிப் பொருத்தியவர் எங்கள் பிட்டர் கொம்பையா. ஆவணியில் ஒரு ராத்திரி அந்த பேரிங் எழுபத்தெட்டு டிகிரி காட்டியது. முன்பு ஐம்பத்திரண்டைத் தாண்டாது.

போர்மேன் வன்னியபெருமாளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏலே கொம்பையா, என்னத்தலே சுரண்டுன? விடிஞ்சதும் கழத்திப் பாக்கப்போறோம். தப்பு உன் கையின்னா நீ வேற மில்லு பாத்துக்கோ."

கொம்பையாவின் முகம் செத்துவிட்டது.

"அண்ணாச்சி, சூடு இன்னும் ஏறுதா?" என்று இன்ஜினீயர் போர்மேனிடம் கேட்டார்.

"இல்ல சார், அங்கனயே நிக்கி. ஆனா தண்ணியத் தொட்டுப் பாருங்க, முன்னைக்கு இப்ப எம்புட்டுச் சூடு! பேரிங் உரசாம இது எங்கன இருந்து வரும்?"

பேரிங்கின் எண்ணெய்க்குள் ஒரு தாமிரக் குழாய்ச் சுருள் உண்டு. அதில் ஓடும் தண்ணீர்தான் சூட்டை வெளியே கொண்டுபோகும். இன்ஜினீயர் ஒரு வாளியை வாங்கி, வெளியே வரும் தண்ணீரைக் கடிகாரம் பார்த்துப் பிடித்தார்; உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வருவதிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். போர்மேனுக்குச் சிரிப்பு வந்தது. இன்ஜினீயர் நிதானமாகச் சொன்னார்:

"சூடு ஒரே இடத்துல நிக்கின்னா, உள்ள பிறக்குத சூடு அம்புட்டும் வெளிய போகுதுன்னு அர்த்தம். காத்துல போறது கொஞ்சம், மிச்சம் தண்ணியில. பங்குனியில ஓட்டிப் பாத்தப்ப இந்த வாளி ஒரு நிமிஷத்துல நிறைஞ்சுது. தண்ணி உள்ள போனதவிட நாலு டிகிரி கூட வந்துது. இப்ப எட்டு டிகிரி கூட வருது. ஆனா வாளி நிறைய ரெண்டு நிமிஷம் ஆகுது. தண்ணி பாதி, ஏத்தம் ரெண்டு மடங்கு. அப்ப நிமிஷத்துக்குத் தண்ணி தூக்குத சூடு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். பேரிங் கூடுதலா உரசல அண்ணாச்சி. சூடு போற வழிதான் அடைச்சிருக்கு."

ஜெனரேட்டரை நிறுத்திச் சுருளின் முனையைக் கழற்றினோம். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து, சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சித்திரையில் கிணறு வற்றியபோது, மிச்சமிருந்த நல்ல தண்ணீரை தொழிலாளர்களின் லைன் வீட்டுக் குடங்களுக்கு விட்டுவிட்டு, மிஷினுக்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைத் திருப்பியிருந்தோம். மிஷினுக்கு என்ன தாகமா எடுக்கும் என்று முதலில் சொன்னவரே போர்மேன்தான்.

ஆசிட் கலந்த தண்ணீரை விட்டுச் சுருளைக் கழுவினோம். மறுபடி ஓட்டியதும் முள் ஐம்பத்து மூன்றில் நின்றது.

"பழையபடி நல்ல தண்ணிய இங்க திருப்பிரவா?" என்று போர்மேன் இறங்கிய குரலில் கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நல்ல தண்ணி சனங்க குடிக்கட்டும். சுருள மாசாமாசம் கழுவிக்கிடுவோம்."

கொம்பையா போர்மேன் முன்னால் வந்து நின்றார். "பேரிங்கையும் கழத்திப் பாத்துருவமா, அண்ணாச்சி?"

"வேண்டாம்டே," என்றார் வன்னியபெருமாள். "உன் கையி சுரண்டுனது. அது ஓடட்டும்."