மண்ணுக்குள் போன மின்கோபுரம்

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் விளம்பர ஸ்டுடியோ இருந்தது. முதலாளி, நான், இரண்டு கணினிகள். நான் சேர்ந்த புதிது. வெள்ளகோவில் பக்கத்து மனைப்பிரிவு ஒன்றின் விளம்பரத்தைச் சரியாக முடித்துக் கொடுத்தால் என் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வாயால்தான்.

வேலை எனக்குப் பிடித்தமானது. இரண்டு படங்களை ஏ.ஐ.க்குக் கொடுக்க வேண்டும். ஒன்று வீடியோவின் முதல் ஃப்ரேம், மற்றது கடைசி ஃப்ரேம். முதலாவதிலிருந்து கடைசிக்கு எப்படிப் போக வேண்டும் என்பதை பிராம்ட்டில் எழுதினால், நடுவில் உள்ளதை அது நிரப்பிவிடும். ட்ரோனில் எடுத்த வறண்ட புன்செய்க் காடுதான் என் முதல் ஃப்ரேம். கோணம் பிசகக் கூடாது என்பதால் அதே படத்தின் மேலேயே சாலை, வீடு, வேப்பமரம் எல்லாம் சேர்த்துக் கடைசி ஃப்ரேமைச் செய்தேன். ‘கேமரா அசையாது, மண்தடங்கள் தார்ச்சாலையாகும், வீடுகள் தரையிலிருந்து ஒவ்வொன்றாக எழும்’ என்று எழுதினேன்.

அந்தக் காட்டின் நடுவே உயர் மின்கோபுரம் ஒன்று நின்றது. மனை விற்பவர் போனில் முன்பே சொல்லியிருந்தார்: “அந்த டவரு மட்டும் வேண்டாங்க அம்மணி.” நானும் யோசிக்காமல் கடைசி ஃப்ரேமில் அதை அழித்திருந்தேன்.

வீடியோ வந்தது. வீடுகள் அழகாக எழுந்தன. கோபுரமோ கால்களை மடக்கி, கம்பிகளை இழுத்துக்கொண்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. கிழட்டு ஒட்டகம் படுப்பதுபோல இருந்தது. நான் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

பிராம்ட்டில் ‘கோபுரம் கூடாது’ என்று சேர்த்துப் பார்த்தேன். அடுத்த முறை அது புகைபோல உருகிப் போனது. போகத்தானே வேண்டும்? முதல் ஃப்ரேமில் இருக்கிறது, கடைசியில் இல்லை. நடுவில் எங்கேயாவது அது கிளம்பியே ஆக வேண்டும். பிராம்ட்டில் என்ன எழுதினாலும் அந்த இரண்டு படங்களையும் மீற முடியாது.

மனை விற்பவர் நேரில் வந்து பார்த்தார். “ஏனுங்க, இதப் பாத்தா வாங்கறவனுக்கு டவரு ஞாபகந்தான வரும்?”

“ஆமாங்க. ரெண்டு ஃப்ரேமிலயும் டவர வெச்சுட்டா அது ஆடாம அசையாம நிக்குங்க. கரண்டு லைனுக்கு அடியில ஊடு வராம புல்லுத்தடமா விட்டுக் காட்டலாங்க. நல்லாவே இருக்கும்.”

“நல்லா இருக்கறதுக்கா கண்ணு காசு குடுக்கறேன்?”

முதலாளி இடையில் புகுந்தார். “மொத ஃப்ரேமிலயும் அழிச்சுப்போடும்மா. ரெண்டுலயும் இல்லீன்னா நடுவுல வராதில்ல?”

அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்குக் கோபம். வரப்போகும் வீட்டை வரைவது ஆசை. வாங்குபவருக்கும் அது தெரியும். ஆனால் முதல் ஃப்ரேம் இன்றைக்கு இருக்கும் நிலம். ‘இன்றைய தோற்றம்’ என்று அதன்மேல் எழுத்துகூடப் போடப்போகிறோம்.

“இல்லீங்கண்ணா, அத நான் செய்ய மாட்டேன்” என்றேன். பிறகு மனை விற்பவரைப் பார்த்து, “நீங்க மின்வாரியத்துல சொல்லி நெலத்துலிருந்து டவர எடுத்துப்போட்டு வாங்க. நான் படத்துல எடுத்துப்போடறேன்.”

“புள்ளைக்கு வாய் ஜாஸ்திங்க” என்றார் அவர், முதலாளியிடம்.

“படிச்ச புள்ளைங்க” என்றார் முதலாளி, அது ஒரு நோய் என்பதுபோல.

மறுநாள் முதல் ஃப்ரேமிலிருந்தும் கோபுரத்தை முதலாளியே அழித்தார். வீடியோ வழுவழுவென்று வந்தது. ஆனால் கோபுரத்தை அழித்தவர் அதன் நிழலை விட்டுவிட்டார். ஒன்றுமில்லாத வானத்துக்குக் கீழே, தார்ச்சாலையாகப் போகும் மண்தடத்தின் குறுக்கே, நான்கு கால் நிழல் ஒன்று நீளமாகப் படுத்திருந்தது. அதைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நிரந்தரமாக.

வீட்டில் திட்டு விழுந்தது. “ஒரு கம்பத்துக்காகவா வேலைய உடுவாங்க?” என்றார் அப்பா. கம்பம் இல்லை, கோபுரம் என்று நான் திருத்தியதில் இன்னும் கொஞ்சம் விழுந்தது.

அடுத்து பீளமேட்டில் ஒரு நேர்காணல். செய்ததிலேயே நல்லதைக் காட்டச் சொன்னார்கள். கோபுரம் மண்ணுக்குள் படுக்கும் வீடியோவை, ஊர் பேரோ ஆள் பேரோ இல்லாமல், போட்டுக் காட்டினேன்.

“இது சரியா வராத வீடியோ ஆச்சுங்களே” என்றார் எதிரே இருந்தவர்.

“இல்லீங்க சார். டவர் எங்க போச்சுன்னு கேட்டா, ஒளிக்காமக் காட்டுது.”

அவர் இன்னொரு முறை ஓடவிட்டார். வேலைக்கு வரச் சொன்னதெல்லாம் பிறகுதான். முதலில் குரலைத் தாழ்த்தி, “எங்க மாமா வெள்ளகோவில் பக்கம் மனை பாத்துட்டு இருக்காருங்க. இது அந்தப் பக்கமுங்களா?” என்று கேட்டார். படத்தில் இருந்த மண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்போல.

“எந்தப் பக்கமா இருந்தாலும் நேர்ல போயிப் பாக்கச் சொல்லுங்க” என்றேன். “போனா, அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க.”