வட்டத்துக்கு வெளியே போன புள்ளி

கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில்தான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நாலு மேசை, ஒரு ஏசி, அந்த ஏசிக்கு நேர்கீழே யார் உட்காருவது என்கிற தீராத அரசியல். மில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். போர்டை வடிவமைப்பவர் எங்கள் மேடம். அதற்குள் ஓடுகிற கணக்கை எழுதுவது நான். போர்டு ஓடினால் அவர் பேர் வரும், ஓடாவிட்டால் என் பேர் வரும். நியாயமான ஏற்பாடுதான்.

அந்த முறை பெரியநாயக்கன்பாளையத்தில் நூல் சுற்றும் மெஷின் செய்கிற ஒருவருக்காக வேலை. நூலை ரொம்ப இழுத்தால் அறும். தளர விட்டால் நூல் சுற்றிய கோன் தொளதொளவென்று வரும். நூல் எவ்வளவு இழுபடுகிறது என்பதை ஸ்பிரிங்கில் ஆடும் ஒரு சின்னக் கை அளந்து சொல்லும். அதைப் பார்த்து போர்டு மோட்டாரை ஏற்றும், இறக்கும். அதுவரை அந்த ஓனர் வெளிநாட்டு போர்டுதான் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் நேரே போய், "எங்க போர்டுல ஓட்டிக் காட்டறேனுங்க. ஓடலைன்னா அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. வியாழக்கிழமை காலை அங்கே ஓட்டிக்காட்ட வேண்டும்.

புதன்கிழமை காலை, எங்கள் மேசைமேல் மோட்டார் உறுமியது. அந்த ஸ்பிரிங் கை டக்டக்கென்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. கீழே லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "மேல என்னங்க, மாவாட்டறீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"லேப்டாப்புல நல்லாத்தான் ஓடுச்சுங்க மேடம்" என்றேன்.

"அப்ப லேப்டாப்பையே மெஷின்ல கட்டிரலாமுங்களா?"

எனக்கு அந்தக் கணக்கின் மேல் கொஞ்சம் பெருமை இருந்தது. அதில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டாம் படிச் சமன்பாடு. மூன்றையும் பெருக்கி ஆறாம் படியில் ஒரே நீளச் சமன்பாடாக ஆக்கியிருந்தேன். ஒரே வரி. பார்க்க அவ்வளவு அழகு. போதாதற்கு நொடிக்கு நாலாயிரம் தடவை அளக்க வைத்திருந்தேன். வேகமாக அளந்தால் நல்லதுதானே என்ற எண்ணம்.

அப்படி ஒரு சமன்பாட்டுக்கு ஆறு புள்ளிகள் உண்டு. பாடப்புத்தகத்தில் துருவங்கள் என்பார்கள். திரையில் ஒரு வட்டம் வரைந்து அதில் அவற்றைக் குறிக்கலாம். ஆறும் வட்டத்துக்குள் இருந்தால் எந்த ஆட்டமும் தானாக அடங்கிவிடும். ஒன்று வெளியே போனாலும் போச்சு, ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். லேப்டாப்பில் ஆறும் உள்ளேதான் இருந்தன. வேகமாக அளந்த புண்ணியத்தில் எல்லாம் வட்டத்தின் வலது ஓரத்தில், பஸ் படிக்கட்டில் தொங்குகிற கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு.

மேடம் என் வரியைப் பார்த்தார். "இந்த எண்ணெல்லாம் போர்டுக்குள்ள எப்படிப் போகுது?"

போர்டில் இருந்த சிப்பில் தசமப் புள்ளி மிதக்காது; முழு எண்ணுக்கு எத்தனை இடம், பின்னத்துக்கு எத்தனை என்று முன்பே ஒதுக்கிவிட வேண்டும். ஓர் எண்ணுக்குப் பதினாறு பிட்தான். என் சமன்பாட்டில் இருந்த ஏழு எண்களில், அதாவது கெழுக்களில், பெரியது பதினேழைத் தாண்டியது. குறிக்கு ஒரு பிட், முழு எண்ணுக்கு ஐந்து பிட் போக, பின்னத்துக்குப் பத்துதான் மிச்சம். எனவே எல்லாக் கெழுவையும் ஆயிரத்தில் ஒன்று அளவுக்கு முழுதாக்கியிருந்தேன். மளிகைக்கடையில் சில்லறையை விடுவதுபோல விட்டுவிட்டேன்.

"இந்த ஏழு எண்ணையும் கூட்டிப் பாருங்க" என்றார் மேடம்.

கூட்டினேன். பதினேழு, பதின்மூன்று என்று பெரிய எண்கள். பாதிக்கு பிளஸ், பாதிக்கு மைனஸ். ஒன்றையொன்று தின்று தீர்த்து, கடைசியில் மிஞ்சியது பத்துக் கோடியில் ஒன்றிரண்டு பங்கு. புள்ளிகள் அந்த ஓரத்தைத் தாண்டாமல் உள்ளே நிற்பதற்கு, அந்தத் தூசி அப்படியே இருந்தாக வேண்டும். நானோ ஆயிரத்தில் ஒன்று அளவு துடைப்பத்தால் பெருக்கியிருந்தேன்.

முழுதாக்கிய எண்களைப் போட்டுப் புள்ளிகளை மறுபடி வரைந்தேன். ஆறும் பட்டாசு வெடித்த மாதிரி சிதறிக் கிடந்தன. அதில் இரண்டு புள்ளிகள் வட்டத்துக்கு வெளியே. நான் விட்ட சில்லறை எங்கே, அவை ஓடிய தூரம் எங்கே! சும்மா இருக்காமல் ஒரு கெழுவை ஒரே ஒரு படி ஏற்றினேன். உள்ளே வரும் என்று நினைத்தேன். ஆறும் ஒருசேர வேறு திசையில் பாய்ந்தன. கல்யாண போட்டோவில் ஒருத்தர் தும்மினால் எல்லார் முகமும் கோணுவதுபோல. சரி, இறக்கிப் பார்த்தேன். இன்னும் மோசம். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டேன்.

வெளியே போன புள்ளி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை வைத்து, போர்டு எத்தனை தடவை அளப்பதற்குள் ஆட்டம் ஒரு சுற்று முடிக்கும் என்று கணக்கிடலாம். முப்பத்தைந்து என்று வந்தது. மேடம் மோட்டாரைக் கழற்றச் சொன்னார். கை இல்லை, நூல் இல்லை, வெறும் போர்டு. உள்ளீட்டில் ஒரே ஒரு தட்டு கொடுத்துவிட்டு, வெளியே வருவதை, அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தோம். அதற்குமேல் யாரும் தொடாமலே ஓர் அலை எழுந்தது. வளர்ந்தது. மேடம் திரையில் இரண்டு கோடுகளை வைத்து ஒரு சுற்றின் நேரத்தை அளந்து, அதற்குள் போர்டு எத்தனை தடவை அளக்கிறது என்று கணக்கிட்டார்.

முப்பத்தைந்து.

லேப்டாப்பில் ஒரு புள்ளி எல்லை தாண்டியிருக்கிறது. மேசைமேல் ஒரு போர்டு அதே தாளத்தில் துடிக்கிறது. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும், புள்ளிகளைப் பரீட்சைக்கு வந்த கேள்வியாகத்தான் நினைத்திருந்தேன். அவை நிஜமாகவே எங்கோ இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் நம்பினேன். மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர். கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்தோத்திரம்" என்று மெல்லச் சொன்னார். அலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியது.

"பெருக்கினதப் பிரிச்சுப் போடுங்க" என்றார் பிறகு.

பிரித்தேன். மறுபடி மூன்று இரண்டாம் படிக் கட்டங்கள். ஒன்றின் வெளியீடு அடுத்ததற்கு உள்ளே போகும். ஒவ்வொன்றிலும் பெரிய கெழு இரண்டைத் தாண்டாது. அதனால் பின்னத்துக்குப் பதினாலு பிட் கிடைத்தது. பதினாறாயிரத்தில் ஒன்று வரை நுணுக்கம். ஒரு கட்டத்தின் எண்களைக் கூட்டினால் மிஞ்சுவதோ சுமார் நானூற்றில் ஒன்று. அதைத் துடைப்பம் தொட முடியாது. முழுதாக்கிவிட்டுப் புள்ளிகளை வரைந்தேன். ஒவ்வொரு ஜோடியும் இருந்த இடத்திலேயே லேசாக அசைந்து நின்றது. வேண்டுமென்றே முதல் கட்டத்தில் ஒரு கெழுவைக் கெடுத்தேன். அதன் இரண்டு புள்ளிகள் மட்டும் நகர்ந்தன; மற்ற நாலும் ஏனென்றுகூடக் கேட்கவில்லை. அதே கணக்கு, அதே பதினாறு பிட். எழுதிய விதம்தான் வேறு.

"ஒரே வரியில அழகா இருந்துச்சுங்க" என்று முனகினேன்.

"அத ஃபிரேம் போட்டு ஊட்டுல மாட்டிக்குங்க."

மோட்டாரை மாட்டி ஓட்டினோம். கீழே இருந்து லேத்துக்காரர், "மாவு தீந்துருச்சுங்களா?" என்றார்.

மறுநாள் காலை பெரியநாயக்கன்பாளையத்தில் மெஷினில் போர்டை மாட்டினோம். ஓனர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேடம் சுவிட்சைப் போட்டார். கை ஒரு முறை எழுந்தது, இறங்கியது, நின்றது. நூல் கோனில் ஏறிக்கொண்டே இருந்தது. ஓனர் குனிந்து அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஓடுதுங்களா, நின்னு போச்சுங்களா?"

"கோனைப் பாருங்க."

பார்த்தார். விரலால் நூலை லேசாகத் தொட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து, பிரிக்காமல் வைத்திருந்த வெளிநாட்டு போர்டை எடுத்து மேல்தட்டில் ஏற்றினார்.

"அடுத்த மெஷினையும் பாத்துட்டுப் போயிருங்க" என்றார்.

மேடம் பையை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நடந்தார். நான் மட்டும் அங்கேயே நின்று அசையாத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கோ ஆறு புள்ளிகள், ஜோடி ஜோடியாக, ஓரத்தில், கீழே விழாமல்.