மயிலுக்குக் கொண்டை வேண்டுமா?

கடவுச்சொல்லை மறந்தவர், தம் கணக்கில் பதிவு செய்துள்ள கைபேசி எண்ணுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டை உள்ளிட்டுப் புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். இதுதான் விதி. நல்ல விதி. நான் பதிவு செய்திருந்தது அலுவலகம் கொடுத்த எண். ஓய்வு பெற்ற அன்று மாலையே அந்த சிம்மை ஒப்படைத்து, கையொப்பமிட்ட ரசீதும் வாங்கியவன் நான். மாற்று மின்னஞ்சலும் அலுவலகத்துடையதே. அதையும் அன்றே மூடிவிட்டார்கள். ரசீது மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்பது நான் வீட்டிலும் கொண்டுவந்த நடைமுறை. நாலு இலக்கப் பின் எண் பாதுகாப்பில்லை என்று அதையும் எடுத்துவிட்டிருந்தேன். போன மாதம் ஒரு நாள் காலை லேப்டாப் கணக்குக்குப் புதுச் சொல் வைத்தேன். மிக வலுவான சொல். மாலையில் எனக்கே அது இடம் கொடுக்கவில்லை.

லேப்டாப்பில் என்னுடையது என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தது என் மனைவி வரைந்த பட்டுச்சேலை பார்டர். ஓவிய ஆசிரியையாக ஓய்வு பெற்று, கணினியில் கட்டம் கட்டமாக வரையக் கற்றுக்கொண்டு, அவள் வாங்கிய முதல் ஆர்டர். கோப்பு வந்தால்தான் தறியில் பூ விழவைக்கும் துளை அட்டையை வெட்ட முடியும். சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் பாவு ஏற்றிக் காத்திருந்தார். கணக்கு ஏன் என் பெயரில் இருந்தது என்று கேட்டால், குடும்பத் தலைவர் என்ற கட்டத்தை நான் எங்கே கண்டாலும் நிரப்பிவிடுவேன்.

கடைத்தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் பெண்மணியிடம் போனோம். முதலில் வாங்கிய பில்லைக் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தரலாம், பார்டரும் சேர்ந்து போய்விடும் என்றார். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டைத் தனியாகக் கழற்றிப் படிக்கலாமே என்றேன். அது பூட்டிய வட்டு, மீட்புச் சாவி உங்கள் கணக்கில்தான் இருக்கும் என்றார். சாவி கணக்குக்குள், கணக்கு பூட்டுக்குள். நானே வரைந்த சுற்றறிக்கை போல இருந்தது. மிச்சம் ஒரே வழி, கணக்கு தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் மீட்புப் படிவம்.

படிவம் என்றதும் தெம்பு வந்தது. பழைய கடவுச்சொற்கள், சமீபத்தில் அனுப்பிய கடிதங்களின் தலைப்புகள், யாருக்கு அனுப்பினோம் என்றெல்லாம் கேட்டது. ஓய்வூதிய ஆணையை இணைக்க இடம் தேடினேன்; இல்லை. பழைய சொற்கள் எதுவும் நினைவில் இல்லை. தலைப்பு என்ற இடத்தில் "பொருள்: கணக்கை மீட்டல் - தொடர்பாக" என்று எழுதினேன். தகவல் போதாது என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த நாள் இன்னும் விரிவாக எழுதினேன். இன்னும் சுருக்கமாக மறுத்தார்கள்.

நெசவாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"பாவு ஏத்திக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்கேன், டீச்சரம்மா. கருட சேவை அன்னிக்கு எப்படியும் எங்க தெருவுல தறி ஓடாது. அது வரைக்கும் பாக்கறேன். மறுநாள் பழைய அட்டைய மாட்டிடுவேம்மா."

"பழைய அட்டைன்னா?"

"அன்னப்பட்சி."

அன்னப்பட்சி என்ற சொல் அவள் காதில் ஒரு வசவு போல விழுந்தது. அவர் போனதும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

"இந்தக் கணக்குலேர்ந்து லெட்டர் போட்டது யாருங்க? நீங்களா, நானா?"

அவள்தான். அட்டை வெட்டுபவருக்கு மாதிரிப் படங்கள் அனுப்பி, சந்தேகம் கேட்டு எழுதியதெல்லாம் அவள். ஒவ்வொன்றின் தலைப்பும் அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. "மயிலுக்குக் கொண்டை வேண்டுமா?" என்று முதலில் தட்டினாள். "கொண்டை பெரிசா போச்சு" என்பது அடுத்தது. "கால் ஒண்ணு அதிகம், மன்னிக்கவும்" மூன்றாவது. பதில் வரவேண்டிய முகவரியாகத் தன் கைபேசியில் இருந்த சொந்த மின்னஞ்சலைக் கொடுத்தாள். என் முகவரியாக இருப்பதே முறை என்றேன். எந்த முகவரி என்று கேட்டாள். அதோடு விவாதம் முடிந்தது.

அடுத்த நாள் விடியற்காலை கருட சேவைக் கூட்டத்தில் நின்றிருந்தோம். கோபுர வாசலில் பெருமாள் குடையோடு வந்து நிற்க, எல்லாக் கைகளும் தலைக்கு மேல் போயின. அவளுடைய ஒரு கை மட்டும் கீழே இறங்கிக் கைபேசியை எடுத்தது. கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதியாகிவிட்டது, இந்த இணைப்பில் புதுக் கடவுச்சொல் அமையுங்கள் என்று வந்திருந்தது.

அங்கேயே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமைத்தாள். வீட்டுக்கு வந்து, லேப்டாப்பை வை-ஃபையில் இணைத்து, அதே சொல்லைத் தட்டினாள். திறந்தது. மயில் கொண்டையோடு இருந்தது. மீட்பு எண்ணாகத் தன் கைபேசி எண்ணைப் பதிந்துகொண்டாள். சொல் என்ன என்று கேட்டேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதியாயிற்றே என்றாள்.

விதி அதுதான். என் குறிப்புக்காக, மீட்புப் படிவத்துக்குப் பதில் கிடைத்த தேதி: வைகாசி மாதம், கருட சேவை நாள்.