எங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்கு நள்ளிரவு

என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது என் தம்பி கப்பலில் இருந்தான். இன்ஜின் ரூமில் ஆயில்மேன் வேலை. ஒன்பது மாத ஒப்பந்தம். கல்யாணத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவான் என்று நம்பித்தான் தேதி வைத்தோம். மாற்று ஆள் வரவில்லை, இன்னும் இரண்டு மாதம் இருக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அன்று நான் போனைத் தூக்கி அடிக்காதது பெரிய விஷயம்.

ராயபுரத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசற்படியில் தாய்மாமன் நிற்பான். கட்டை விரலால் அவள் நெற்றியில் சிலுவை போடுவான். அதற்கப்புறம்தான் அவள் படி தாண்டுவாள். என் தாய்மாமன் எனக்குப் போட்டார். என் மகளைக் கல்மண்டபத்து மீன் மார்க்கெட் முழுக்கத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் என் தம்பி. அந்தச் சிலுவையை வேறு யாரும் போட நான் விடமாட்டேன். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் எங்கள் வீட்டுக்குப் பெரியவர். அவருக்கு இது சரியான வேடிக்கை. "இப்போ இன்னாம்மா, தாய்மாமன் இல்லன்னா ஊர்ல கல்யாணமே நடக்காதா? பெரியப்பன் நான் கீறேன், நான் போட்றேன்" என்றார்.

"நீங்க சம்மந்தி வூட்டை கவனிங்க மாமா. என் தம்பி போன்ல வந்து போடுவான்" என்றேன்.

"போன்லயா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

போனில் வருவது லேசான காரியமில்லை என்பது எனக்குத் தெரியும். நடுக்கடலில் கப்பலுக்கு இன்டர்நெட் சாட்டிலைட் வழியாகத்தான் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று இலவசப் பங்கு உண்டு. முகம் பார்த்துப் பேசினால் இருபது நிமிடத்தில் காலி. அது தீர்ந்தால் இன்னொரு இருபது நிமிடத்துக்குக் கார்டு வாங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கார்டுதான். இரண்டாவது கேட்டால் 'இன்றைய வரம்பு முடிந்தது' என்று திரையில் வரும். மறுநாள் பிறந்தால்தான் இலவசப் பங்கும் வரும், கார்டும் கிடைக்கும். மிச்சம் வைத்தாலும் மறுநாளுக்குச் சேராது.

நிச்சயதார்த்தம் சாயங்காலம் ஏழு மணிக்கு. கப்பல் அப்போது பசிபிக் பக்கம் இருந்தது. அங்கே நம் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது நமக்கு ஏழு என்றால் அவனுக்கு ராத்திரி பன்னிரண்டரை. தம்பிக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, பன்னெண்டுக்குப் புது நாள் பொறந்துடும், ஃபுல்லா கெடைக்கும். நீ கவலைப்படாதே" என்றான். அந்த நம்பிக்கையில், எப்படியும் பன்னிரண்டுக்குச் செத்துப்போகிற பங்குதானே என்று, அன்றைய இலவசத்தையும் கார்டையும் பாட்டு இறக்கித் தீர்த்துவிட்டான்.

நம் போனிலும் தினசரி டேட்டா ராத்திரி பன்னிரண்டுக்குத்தானே திரும்ப வருகிறது? அவன் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழு மணி ஆயிற்று. சாமியார் வந்து மோதிரத்தை மந்திரித்தார். போன் அடிக்கவில்லை. ஏழரை. தட்டு மாற்றினார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி நின்றேன். பெரியவர் விடுவாரா? சம்மந்தி வீட்டார் நடுவில், "தாய்மாமன் கடல்ல தூங்கிகினு கீறாரு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

மறுநாள் காலை எங்கள் நேரம் ஏழு மணிக்கு அழைத்தான். "அக்கா, சத்தியமா பன்னெண்டு அடிச்சுது. ஒரு மணி வரைக்கும் பாத்தேன். சைபர்லயே நின்னுச்சு. கார்டும் தரலை. மிஷின் பேஜாரு பண்ணிச்சு."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"தெரியலையே. டியூட்டி முடிஞ்சு வந்து பாத்தேன், ஃபுல்லா இருக்குது."

இந்த இடத்தில்தான் என் மண்டையில் ஏதோ தட்டியது. நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் பதினாறு வருஷம் டாக்குமென்ட் பார்த்தவள். கப்பல்கள் அனுப்பும் செய்திகளில் நேரம் எங்கள் நேரமாக வராது. கிரீன்விச் நேரம் என்று உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு நேரத்தில் வரும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். அதைக் கூட்ட மறந்து, வராத கப்பலுக்கு லாரிகளை வரவழைத்துத் திட்டு வாங்கியவள் நான். கப்பலுக்கு ஒரு நேரம், கரைக்கு ஒரு நேரம் என்பது எனக்குப் புதுசா என்ன?

"டேய், நீ பாட்டு கேட்டது போதும்" என்றேன். "பங்கு எப்போ சைபர்லேர்ந்து ஃபுல்லாவுதுன்னு பாரு. கப்பல் கடிகாரத்துல என்ன மணின்னு எழுதி வை. நீ பாக்க முடியலைன்னா தோஸ்து யாரையாவது பாக்கச் சொல்லு."

கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் தடவை வாசித்த ஞாயிறன்று பதில் வந்தது: கப்பல் நேரம் காலை பதினொன்று. நம் நேரத்துக்கு மாற்றினேன். ஐந்தரை. கிரீன்விச்சில் அப்போது சரியாக நள்ளிரவு.

ஒரு தடவை பொருந்தினால் போதாது. இரண்டாவது ஓலைக்குள் கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்கு வந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்திருந்தார்கள். பங்கு இப்போது காலை பத்து மணிக்கு வந்தது. தம்பி பயந்துவிட்டான்: "அக்கா, இது மாறிக்கினே கீது!" நான் கூட்டிப் பார்த்தேன். எங்களுக்கு அதே ஐந்தரை. மாறியது கப்பலின் கடிகாரம்தான். சாட்டிலைட் கம்பெனி எந்தக் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காது. உலகத்துக் கப்பல் எல்லாவற்றுக்கும் ஒரே கிரீன்விச் நள்ளிரவில் நாளை மாற்றிவிடுகிறது. ஆபீஸில் கணக்குப் போட்ட காகிதத்தைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். என் தம்பி வந்துட்டான் என்றேன்.

அன்று சாயங்காலமே கோயில் சாமியாரிடம் போனேன். கல்யாணப் பூசை பத்து மணிக்கு என்று பேசியிருந்தது. "சாமி, காலை ஆறு மணிக்கு வையுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஏன் என்று விளக்கினேன். பத்து மணிப் பூசை என்றால் வீட்டிலிருந்து கிளம்புவதும் தாலி கட்டுவதும் ஒரே நாள் பங்கில் வரும். நாற்பது நிமிடம் எந்த மூலைக்கு? ஆறு மணி என்றால் ஐந்தரைக்கு முன்னால் சிலுவைக்குப் பழைய நாளின் பங்கு, அப்புறம் தாலிக்குப் புது நாளின் பங்கு. சாமியார் கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டு, "கெட்டிக்காரிம்மா நீ" என்று எழுதிக்கொண்டார்.

பெரியவர் வீட்டில் வந்து குதித்தார். "ஆறு மணிக்குக் கல்யாணமா? பால்காரன்தான் வருவான்! இன்னா கலீஜ் பண்றே நீ?" நான் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

கல்யாணத்தன்று நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இன்ஜின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தான்; முறை டியூட்டியை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். முந்தின காலையிலிருந்து பங்கில் ஒரு துளி தொடவில்லை. எல்லாம் என் கணக்குப்படி. ஆனால் தலை அலங்காரம் செய்யும் பெண்ணை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தண்டையார்பேட்டையில் ஸ்கூட்டர் பஞ்சர் என்று அவள் ஐந்து மணிக்குத்தான் வந்தாள். வைத்துவிட்டுப் பிறகு கூப்பிடுடா என்றேன். கேட்டால்தானே? "இருக்கா, கொழந்தைய பாத்துகினு இருக்கேன்" என்று உட்கார்ந்திருந்தான். இலவசம் தீர்ந்தது. கார்டைப் போட்டான். அதுவும் கரைந்தது. ஐந்து இருபத்திரண்டு. மகள் பட்டுப்புடவையில் கூடத்துக்கு வருகிறாள், அவன் "யம்மா..." என்று வாயைத் திறக்கிறான், திரை அப்படியே உறைந்து, அணைந்தது.

பெரியவர் பெருமூச்சு விட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "சரிம்மா, பாவம் அவன் இன்னா பண்ணுவான். காரு நிக்குது. நான் போட்டுட்றேன், கெளம்புங்க" என்று விரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

நான் வாசற்படியில் குறுக்கே நின்றேன். பட்டுப்புடவை, பூ, எல்லாவற்றோடும் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். "யாரும் படி தாண்டக் கூடாது. எட்டு நிமிஷம் இருங்க. ஐந்தரைக்கு என் தம்பி வருவான்."

"அவன் கணக்குதான் தீந்துபோச்சேம்மா. நாளைக்குத்தானே?"

"ஆமா மாமா. நாளைக்குத்தான். அந்த நாள் இன்னைக்கு ஐந்தரைக்கே பொறக்குது."

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரரே நினைத்திருப்பார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து, புறப்பட்டாச்சா என்று போன் வந்தது. நான் நகரவில்லை. ஐந்து இருபத்தெட்டு. கணக்குச் சரி, கணக்குச் சரி என்று ஜெபம் மாதிரி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். ஐந்தரை. ஒன்றுமில்லை. யாரோ செருமினார்கள். ஐந்து முப்பத்தொன்று.

போன் அடித்தது.

அப்படி ஒரு சத்தம் எங்கள் தெருவில் எந்தத் தேர்தலுக்கும் எழுந்ததில்லை. தலை அலங்காரப் பெண் கூடக் கை தட்டினாள். திரையில் தம்பி, அவன் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நாலு பேர். "அக்கா, சைபர்லேர்ந்து ஃபுல்லு! கார்டும் குடுக்குது!" என்று கத்தினான்.

"பேசாதே, போடு" என்றேன்.

மகள் வாசற்படியில் குனிந்தாள். போனை அவள் நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். தம்பி கட்டை விரலைக் கேமராவில் வைத்தான். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். திரை இருட்டி இருட்டி வெளிச்சமானது. அந்த விரலின் ரேகை கூடத் தெரிந்தது. மகள் தேம்பித் தேம்பி அழுதாள், மை எல்லாம் போயிற்று. அவள் படி தாண்டினாள். நான் உடனே போனைத் துண்டித்தேன். தாலிக்கு மிச்சம் வேண்டும்.

ஆறு இருபதுக்குக் கோயிலில் மறுபடி கூப்பிட்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கூட்டத்துக்கு மேலே போனைப் பிடிக்க என் உயரம் போதவில்லை. பெரியவர் என் கையிலிருந்து வாங்கி, தன் தலைக்கு மேலே உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவர்களை, "நவுருங்கப்பா, தாய்மாமன் பாக்கணும்" என்று விலக்கினார். மூன்றாவது முடிச்சு விழுந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு குரல், பூசை நடக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், கோயில் முழுக்கக் கேட்டது.

"அக்கா, பாத்துட்டேன். நல்லா பாத்துட்டேன்."