எழுந்து நிற்க வேண்டிய கோழி

கோழிக்கறி தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் சபையில் சில பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் வீட்டுச் சட்டியில் கொதிப்பது தானாக வந்து படுத்த கோழியா என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதில்லை. மிஷன் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, மாட்டுத்தாவணியில் கம்பெனி பஸ் ஏறி மேலூர் ரோட்டில் இறங்குகிற வேலைக்கு வந்தவள் நான். தரம் பார்ப்பது என் பொறுப்பு. கிருமி, குளிர்ச்சி, எடை, கவரில் அச்சாகும் தேதி எல்லாம் என் கையெழுத்தில்தான் வெளியே போகும்.

எங்கள் கவரில் பச்சை வட்டத்துக்குள் ஹலால் முத்திரை உண்டு. அது சர்க்கார் போடுகிற முத்திரை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்க்காரின் உணவு உரிம எண் வேறு, இது வேறு. இதைக் கொடுப்பது தனியாக உள்ள ஒரு சான்றிதழ் நிறுவனம். அவர்கள் வருஷத்தில் சில நாள் வந்து கத்தியிலிருந்து கழுவுகிற தண்ணீர் வரை பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்குக் கண் நாங்கள் எழுதுகிற தாள்தான். கறி ருசியாக இருக்கும் என்றோ கெடாது என்றோ அந்த முத்திரை சொல்லவில்லை. இந்தக் கோழி இன்ன முறையில் உயிர் விட்டது என்று மட்டும் சொல்கிறது.

அந்த முறையை எனக்கு விளங்க வைத்தது எங்கள் லைனில் அறுக்கிற தம்பி. காஜிமார் தெருப் பக்கம் வீடு, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சேர்ந்த புதிதில் நான் கொஞ்சம் மேதாவித்தனமாக, "எப்படி அறுத்தாலும் கோழி கோழிதானே தம்பி" என்றேன்.

"இல்லக்கா. ஊர்க் கோயில் கிடா வெட்டுல ஒரே வீச்சுல தலை துண்டாகணும், இல்லேன்னா சாமி ஏத்துக்கல்லன்னு பயப்படுவாங்க. எங்களுக்குத் தலை துண்டாகக் கூடாது. முன்பக்கமா மூச்சுக்குழல், இரைக்குழல், ரெண்டு பக்க ரத்தக்குழாய், அம்புட்டும் ஒரே இழுப்புல அறுபடணும். ரத்தம் முழுசா வடியணும். அறுக்கிறப்ப படைச்சவன் பேரைச் சொல்லணும். இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு. கத்தி படுறப்ப அதுக்கு உயிர் இருக்கணும். செத்ததை அறுத்தா அது வெறும் பொணம்."

வெளிநாட்டுப் பெரிய ஆலைகளில் கோழிக்கு வலி தெரியக்கூடாது என்பதுதான் முதல் கணக்கு. வாயுவிலோ கூடுதல் மின்சாரத்திலோ அது அங்கேயே செத்துப் போனாலும் குற்றமில்லை, பிறகு இயந்திரம் அறுத்துக்கொள்ளும். எங்களிடமும் மயக்குகிற தொட்டி உண்டு. கொக்கியில் தலைகீழாக வரும் கோழியின் தலை மின்சாரம் பாயும் தண்ணீரில் முங்கி எழும். மயக்கமே கூடாது என்று சொல்கிற சான்றிதழ்க்காரர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்: அறுக்காமல் விட்டால் அந்தக் கோழி தானாக எழுந்து நிற்க வேண்டும்.

அதனால் தினமும் காலையில் லைன் ஓடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு கோழியைத் தொட்டியில் முக்கி எடுத்து, கொக்கியிலிருந்து கழற்றித் தரையில் கிடத்துவோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சற்று நேரத்தில் அது கண்ணைத் திறக்கும், கழுத்தைத் தூக்கும், குடித்தவன் மாதிரி தள்ளாடி எழுந்து நிற்கும். தாளில் "எழுந்தது" என்ற கட்டத்தில் டிக் போடுவேன். அறுக்கிறவர் வந்ததுமே அதே தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். ஈரக் கையோடு பிறகு வந்து போட முடியாது என்பதால் வந்த பழக்கம் அது.

அன்றைக்கு எழுமலைப் பண்ணையிலிருந்து வர வேண்டிய வண்டி மழையில் மாட்டி, வெயில் ஏறின பிறகுதான் வந்தது. நாற்பது பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் கூண்டுகளுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். "மேடம், லைனைப் போடுவமா? கோழி கூண்டுக்குள்ளேயே செத்துரும் போல இருக்கு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. நான் தாளை எடுத்தேன். ஒரு நாளும் எழாமல் இருந்ததில்லையே, இன்றைக்கு மட்டும் எழாமலா போகப் போகிறது என்று டிக் போட்டேன். கோழியைக் கிடத்தவே இல்லை. இத்தனை வருஷ வேலையில் நான் செய்த ஒரே கள்ளத்தனம் அது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மாட்டிக்கொண்டது அது ஒன்றுதான் என்பதே உண்மை.

முந்தைய நாள் ஓடினது முட்டைக்கு வளர்த்துக் கழித்த பெரிய தாய்க்கோழிகள். அவற்றுக்காக மின்சாரத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு வந்ததோ சின்னக் கோழி. அந்த அளவைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. கோழியைத் தரையில் கிடத்தியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் லைன் நின்றது. சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தது அந்தத் தம்பிதான். முழங்கை வரை ரத்தத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ரத்தம் பீச்சி வரல, ஒழுகுது. சிறகடிப்பு இல்ல. கண்ணுல உசுரு இல்ல. தொட்டியிலயே செத்துப்போயி வருது."

"எப்ப இருந்து?"

"தெரியலக்கா. மொதல்ல ஒண்ணு ரெண்டுன்னு நெனச்சேன். வேகத்துல கை அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நெனச்சா மொதல்லருந்தே அப்பிடித்தான் இருந்திருக்கும் போல." தன் கையைப் பார்த்தார். "பொணத்து மேல அல்லா பேரைச் சொல்லியிருக்கேன்க்கா."

ஓடிப்போய்த் தொட்டியின் அளவைப் பார்த்தேன். நேற்றைய எண்ணிலேயே முள் நின்றது. குறைத்தோம். ஒரு கோழியை முக்கித் தரையில் கிடத்தினோம். எழுந்து நின்றது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

அதற்குள் அறுத்தவை இறகு உரிந்து, குடல் எடுத்து, பனிக்கட்டித் தண்ணீரில் கிடந்தன. எது உயிரோடு வந்தது, எது செத்து வந்தது என்று பிரிக்க வழியே கிடையாது. என் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ கிருமியைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கிறது. இதைச் சொல்ல ஒரு கருவியும் இல்லை. இதற்குச் சாட்சி அந்தத் தம்பியின் கை மட்டும்தான்.

"மொத்தத்தையும் ஒதுக்கிருங்கக்கா. முத்திரை இல்லாத கவர்ல போட்டு, எங்காளுங்க வாங்காத எடத்துக்கு வித்துரட்டும். திங்கிறதுக்குக் கெட்டுப்போனதில்ல. பொய் மட்டும் வேணாம்" என்றார்.

நியாயமான வழிதான். ஆனால் எங்களிடம் இருந்த கவர் எல்லாம் முத்திரையோடு அச்சடித்து வந்தவை. வெறுங்கவர் ஒன்றுகூட இல்லை. மேனேஜரிடம் போனோம். அவர் கெட்ட மனுஷர் இல்லை, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், வேலைக்காரப் பெண்களின் பிள்ளைகள் பெயர்கூட அவருக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டார்.

"சரிப்பா, இதைத் தின்னா யாருக்காச்சும் எதாச்சும் ஆகுமா?"

"ஆகாது சார்."

"சோதிச்சாத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"அப்புறம் என்னத்தைச் சொல்லி ஒதுக்கச் சொல்றீங்க?" அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "காலைல கோழி எந்திரிச்சுதுன்னு நீங்க போட்டிருக்கீங்க. தம்பி கையெழுத்தும் இருக்கு. ஒதுக்குனா ஏன்னு எழுதணும். எழுதுனா சான்றிதழ்க்காரன் வருவான். நிறுத்தி வச்சான்னா நாப்பது பொம்பளைகளும் எங்க போவாங்க? முடிவு உங்களுது மேடம். நான் வற்புறுத்தல."

வற்புறுத்தியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டிருப்பேன். அந்தத் தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழின் அடியில் தொலைபேசி எண் இருந்தது. கண் அங்கே போனது, கை போகவில்லை. டிக் போட்டது பொய் என்று சொல்லாமல் அந்த எண்ணை அழைக்க முடியாது. ஐம்பது வயதில் பொய்க் கையெழுத்துக்காரி என்று வெளியே போனால் எனக்கு யார் வேலை தருவார்கள்? தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னால் நடக்கும் என்று நம்பித்தான் என்னைக் கூட்டி வந்திருந்தார் பாவம்.

அந்தச் சரக்கு வெளியே போகலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கத்தியைக் கழுவித் துடைத்து, உறையில் போட்டு, என் மேசைமேல் வைத்தார். "வாரேன்க்கா" என்றார். மறுநாள் வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் அந்த இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் கோழியைக் கிடத்தாமல் நான் டிக் போட்டதில்லை. யாருக்கு என்ன பிரயோசனம்?

உறைய வைத்த கறி மாதக்கணக்கில் கடைகளில் கிடக்கும். நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் பட்டாணி வாங்கப் போனேன். ஐஸ் பெட்டிக்கு முன்னால் முக்காடு போட்ட அம்மா ஒருவர் எங்கள் கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாடி, கண்ணாடி கொண்டு வரல. இதுல ஹலால் முத்திரை இருக்கான்னு பாத்துச் சொல்லு தாயி. நோன்பு தொறக்க சம்மந்தி வீட்ல வாராங்க."

வாங்கினேன். முதலில் என் கண் போனது தேதிக்கும் தொகுதி எண்ணுக்கும்தான், வேலைப் பழக்கம். அந்த எண்ணை எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. எத்தனையோ இரவு படுக்கையில் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"வேற கம்பெனி எடுத்துக்கங்களேன்" என்றேன்.

"வேற இல்லையே தாயி, இது மட்டுந்தான் இருக்கு. ஏன், முத்திரை இல்லையா?"

கவரைத் திருப்பினேன். பச்சை வட்டம் பளிச்சென்று இருந்தது. அது இல்லை என்று எப்படிச் சொல்வது? இருக்கிறது, ஆனால் பொய் என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்.

"இருக்கும்மா" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"நல்லா இரு" என்று என் தாடையைத் தொட்டுச் சொல்லிவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு இன்னொரு கவரையும் எடுத்துக்கொண்டார்.