வெளுக்காத டம்ளர்

என் அக்கா புருஷனைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் நல்லதைத்தான் சொல்வேன். சோம்புச் சாராயம் தயாரிக்கும் எங்கள் ஆலையில் கலவை போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும் ரெண்டு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவார். குடிக்கவும் செய்வார். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நானும் அந்த ஆலையில்தான் இருக்கிறேன், சோதனைக்கூடத்தில். எங்கள் துணி, தலைமுடி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றிலும் சோம்பும் சாராயமும் சேர்ந்து மணக்கும். எவ்வளவு குளித்தாலும் போகாது. அதனால் மோந்து பார்த்து மாமாவைப் பிடிக்க அக்காவுக்கு வழியே இல்லை.

கல்யாணமான புதிதில் மாமாவே அவளுக்கு ஒரு வித்தை காட்டினார். பார்க்கத் தண்ணீர் போலவே இருந்த சாராயத்தில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினார். டம்ளர் பாலாக வெளுத்தது. என்ன பொடி போட்டீர்கள் என்று அக்கா சண்டைக்கே போய்விட்டாள்.

"ஒண்ணும் போடல. சோம்பு எண்ணெய் சாராயத்துல கரைஞ்சு ஒளிஞ்சிருக்கு. தண்ணி சேர்ந்தா சாராயத்தோட பிடி தளர்ந்துடும். தண்ணிக்கும் எண்ணெய்க்கும்தான் ஆகாதே, அதான் அது பொடிப்பொடித் துளியா வெளிய வந்துடுது. அதுல வெளிச்சம் பட்டுச் சிதறுறதுதான் இந்த வெள்ளை."

பிறகு கல்லீரல் கெட்டது. இனிமேல் தொட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். மாமா அழுதார். கலவை அறையின் வாசனையே தன்னை இழுக்கிறது என்று சொல்லி, எண்ணெய் சேர்ப்பதற்கு முந்தைய வெறும் சாராயத்தை வைத்திருக்கும் கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா மனசு குளிர்ந்துபோனாள். நானும்தான்.

அதன் பிறகு கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். "சந்தேகமா இருந்தா தண்ணி ஊத்திப் பாத்துக்கோ" என்று அவரே நீட்டுவார். அக்காவும் சாயங்காலமானால் அதிலிருந்து கொஞ்சம் டம்ளரில் விட்டு, மேலே குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பாள். கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும். ஒரு வாய் குடித்துப் பாரேன் என்று நான் ஒரு தடவை சொன்னதற்கு எரிந்து விழுந்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது விளையாட்டாம், நாக்கில் வைத்துப் பார்த்தால் அது சந்தேகமாம்.

ஆனால் மாமாவின் கண் மஞ்சள் போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ரத்தத்தை மறுபடி சோதித்த டாக்டர், இவர் இன்னும் குடிக்கிறார் என்று சொல்லிவிட்டார். அக்கா நேராக என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்? டம்ளர் ஒரு நாள்கூட வெளுக்கலடி."

வெளுப்பது சாராயம் அல்ல, எண்ணெய். மாமா இருக்கும் கிடங்கில் எண்ணெயே கிடையாது. அந்தச் சாராயத்தில் குடம் குடமாக ஊற்றினாலும் ஒன்றும் வெளுக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்கு முன்பே அவருக்கும் தெரியும். பாவி மனுஷன், அவள் நம்பிய ஒரே சோதனையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

வெறும் வாயால் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். விடுமுறையன்று மத்தியானம், சாராயத்தில் கரைத்த சோம்பு எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுபோனேன். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். சமையல்மேடையில் ரெண்டு டம்ளர் வைத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் மாமாவின் பாட்டிலில் இருந்தது. எது தண்ணீரோ அது வெளுக்கும், எது சாராயமோ அது எண்ணெயைக் கரைத்து மறைத்துவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குழாய்த் தண்ணீரில் சில சொட்டு விட்டதும் பால் மாதிரி வெளுத்தது. அக்கா தலையாட்டினாள். மற்ற டம்ளர் மேல் குப்பியைச் சாய்த்தேன். வெளுத்துவிடு, வெளுத்துத் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். சொட்டு விழுந்தது, கலைந்தது, காணாமல் போனது.

அக்கா ஒரு கரண்டியை எடுத்துக் கலக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடி வைத்துக் கலக்கினாள்.

"அக்கா, போதும்க்கா."

"இதுக்குக் கொஞ்சம் நேரமாகும். இன்னும் ரெண்டு சொட்டு விடு."

விட்டேன். டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த சுவர் அப்படியே தெரிந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. என் தண்ணி பாட்டில் எங்கே என்று மாமா கேட்கும் குரல் வந்தது. அக்கா கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"வெளுக்கும்டி," என்றாள். "இன்னும் கொஞ்சம் விடு."